மாத்திரை எடுக்கும் பெண்ணின் கார்டிசோல் ஏன் இரட்டிப்பாகத் தெரிகிறது?

கேள்வி: எனக்கு 29 வயது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காக எட்டு மாதங்களாக ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுக்கிறேன். எடை கூடிக்கொண்டே போனதால் காலையில் ரத்தத்தில் கார்டிசோல் பார்த்தார்கள், 34.2 வந்தது. பிறகு இரவில் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்து மறுநாள் காலை பார்த்ததில் 3.4. அது 1.8-க்குக் கீழே வந்திருக்க வேண்டுமாம். குஷிங் நோயாக இருக்கலாம், தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்கிறார்கள். மாத்திரையால் மட்டும் இப்படி வருமா?

பதில்:

வரும். இரண்டு எண்களுமே மாத்திரையால் மட்டும் வந்திருக்க முடியும். ஆனால் "வந்திருக்க முடியும்" என்பதும் "மாத்திரையால்தான் வந்தது" என்பதும் ஒன்றல்ல. கையில் இருக்கும் இந்த இரண்டு அறிக்கைகளை வைத்துக்கொண்டு குஷிங், அதாவது உடம்பில் கார்டிசோல் உண்மையிலேயே மிகுந்துபோகும் நோய், உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏன் என்பதை உங்கள் எண்களைக் கொண்டே காட்டுகிறேன். நான் மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன், இந்தக் குழப்பம் மாதத்துக்கு ஒருமுறையாவது என் மேசைக்கு வரும்.

கார்டிசோல், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி விடும் ஹார்மோன். ரத்தத்தில் ஓடும் கார்டிசோலில் பெரும்பகுதி, ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்கு, ஒரு குறிப்பிட்ட புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் போகிறது. அதன் பெயர் கார்டிசோல் பிணைப்புக் குளோபுலின். பழைய பெயர் டிரான்ஸ்கார்ட்டின். சுருக்கமாக சிபிஜி என்போம். கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் புரதம் அது. ஒரு சிபிஜி மூலக்கூறு ஒரே ஒரு கார்டிசோலைத்தான் பிடித்து வைக்கும். இன்னொரு பத்துப் பங்கு போல ஆல்புமினோடு தளர்வாக ஒட்டியிருக்கிறது. எதனோடும் ஒட்டாமல் கட்டற்று இருப்பது ஐந்து சதவீதத்தை ஒட்டிய சிறு பகுதி மட்டுமே. செல்லுக்குள் நுழைந்து வேலை செய்வதும், சர்க்கரையை ஏற்றுவதும், தோலை மெலிய வைப்பதும், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்குப் போய் "போதும்" என்று சொல்வதும் இந்தக் கட்டற்ற பகுதிதான். குதிரில் இருக்கும் நெல் வேறு, உலையில் விழும் அரிசி வேறு. ஆய்வகத்தில் நாங்கள் அளப்பது இரண்டையும் சேர்த்த மொத்தக் கணக்கு. எங்கள் கருவியில் சேர்க்கப்படும் வினைபொருளின் முதல் வேலையே சிபிஜியிடமிருந்து கார்டிசோலைப் பிடுங்கி எடுப்பதுதான். அதன் பிறகுதான் எண்ணுகிறது. எனவே அறிக்கையில் வரும் எண், நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல், வேலை செய்யாமல் காத்திருக்கும் கார்டிசோலின் எண்.

இப்போது உங்கள் மாத்திரை. சினைப்பை நீர்க்கட்டிக்கும் கருத்தடைக்கும் கொடுக்கப்படும் கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன், எத்தினைல் எஸ்ட்ராடையோல் என்ற செயற்கை வடிவம். 20 முதல் 35 மைக்ரோகிராம் வரை, பார்த்தால் ஒன்றுமில்லாத அளவு. ஆனால் விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. உடம்பின் மற்ற பகுதிகள் பார்ப்பதற்கு முன் கல்லீரல் அதை அடர்த்தியாகப் பார்க்கிறது. போதாக்குறைக்கு, எத்தினைல் என்ற அந்தச் சிறு ஒட்டு கல்லீரல் அதைச் சீக்கிரம் சிதைக்க முடியாமல் செய்துவிடுகிறது. விளைவு, கல்லீரல் பிணைப்புப் புரதங்களைத் தாராளமாக உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. சிபிஜி இரண்டு முதல் மூன்று மடங்கு வரை உயரும். இது புதிய செய்தி அல்ல. சாண்ட்பர்க், ஸ்லான்வைட் என்ற இருவர் 1959-லேயே டிரான்ஸ்கார்ட்டின் என்று பெயர் சூட்டி, கர்ப்பத்திலும் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோதும் அது ஏறுவதை எழுதிவிட்டார்கள்.

சிபிஜி ஏறியதும் என்ன நடக்கிறது? புதிதாக வந்த வெற்றுப் புரதங்கள் கட்டற்றுத் திரியும் கார்டிசோலைப் பிடித்துக்கொள்கின்றன. கட்டற்ற அளவு சற்றே சரிகிறது. மூளையில் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் கவனிப்பது அந்தக் கட்டற்ற அளவை மட்டும்தான்; அவை ஏ.சி.டி.எச். என்ற தூண்டும் ஹார்மோன் வழியாக அட்ரீனலைக் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கச் சொல்கின்றன. இன்னொரு பக்கம், கல்லீரல் ரத்தத்திலிருந்து எடுத்து அழிக்க முடிவதும் கட்டற்ற கார்டிசோலைத்தான். கட்டுண்டது தப்பித்து அதிக நேரம் ஓடுகிறது. இப்படி மொத்தம் ஏறிக்கொண்டே போய், கட்டற்ற அளவு பழைய இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அட்ரீனல் தினமும் சுரக்கும் அளவு முன்பிருந்ததைவிட அதிகமாக இருக்க வேண்டியதே இல்லை. குதிர் பெரிதாகிவிட்டது, அது நிரம்பும்வரை சிலநாள் கூடுதல் நெல் போனது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. உங்களுக்கு இந்த மாத்திரை கொடுத்ததற்கான காரணங்களில் ஒன்றே கல்லீரலின் இதே பழக்கம்தான். மாத்திரை பாலின ஹார்மோன் பிணைப்புக் குளோபுலினையும் ஏற்றுகிறது. அது டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்க, முகத்தில் முடியும் பருவும் குறைகின்றன. அப்படியானால் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் மட்டும் ஏன் குறைந்தே நிற்கிறது, கட்டற்ற கார்டிசோல் ஏன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது என்று நீங்கள் கேட்கலாம். பெண் உடலில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிட்டதே என்று கவனித்து ஈடுகட்டும் மேலாளர் யாரும் இல்லை. போதாததற்கு மாத்திரை சினைப்பையையும் அடக்கி வைக்கிறது. கார்டிசோலுக்கு அப்படி ஒரு மேலாளர், கண்டிப்பானவர், இருக்கிறார்.

சரி, கணக்குக்கு வருவோம். மொத்தக் கார்டிசோலும் சிபிஜியும் தெரிந்தால் கட்டற்ற அளவைக் கணிக்க கூலன்ஸ் என்பவரின் பெயரில் வழங்கும் ஒரு சமன்பாடு 1987 முதல் புழக்கத்தில் இருக்கிறது. சரிபார்க்க விரும்புகிறவர்களுக்காக மட்டும் தருகிறேன். மற்றவர்கள் தாண்டிப் போகலாம். T மொத்தக் கார்டிசோல், G சிபிஜி, U கட்டற்ற கார்டிசோல். மூன்றும் µmol/L அலகில்.

```
Z = 0.0167 + 0.182 × (G − T)
U = √(Z² + 0.0122 × T) − Z
```

உங்கள் அறிக்கையில் இருக்கும் அலகு டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம். அதை 27.6-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு நானோமோல் வரும், எனவே 34.2 என்பது 944 நானோமோல். மாத்திரை எடுக்காத பெண்ணுக்கு சிபிஜி சுமார் 700 நானோமோல் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரையால் அது உங்களிடம் 1,600 ஆகியிருந்தால், சமன்பாட்டின்படி உங்கள் கட்டற்ற கார்டிசோல் 37 நானோமோல். இதே 37, சிபிஜி 700 உள்ள பெண்ணிடம் இருந்தால் அவருடைய மொத்தக் கார்டிசோல் என்ன காட்டும்? ஏறக்குறைய 17 மைக்ரோகிராம். காலை எட்டு மணிக்கு 17 என்றால் எந்த மருத்துவரும் இரண்டாவது முறை பார்க்க மாட்டார். உங்கள் செல்கள் உணர்வது அந்த 17-ஐத்தான். தாளில் அச்சாவது 34.

டெக்ஸாமெத்தசோன் சோதனைக்கும் இதே கதை. கார்டிசோல் போலவே வேலை செய்யும் இந்தச் செயற்கை மருந்தை இரவு பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு 1 மில்லிகிராம் விழுங்கினால் பிட்யூட்டரி வாயடைத்துப் போய், காலையில் அட்ரீனல் ஏறக்குறைய ஒன்றும் சுரக்காது. டெக்ஸாமெத்தசோன் சிபிஜியோடு ஒட்டுவதில்லை, கார்டிசோல் சோதனையிலும் அது கார்டிசோலாகத் தெரிவதில்லை. அதனால்தான் இந்த வேலைக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். காலையில் மிஞ்சியிருக்கும் கார்டிசோல் 1.8-க்கு, அதாவது 50 நானோமோலுக்கு, மேலே இருந்தால் அடங்கவில்லை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் அந்த 1.8 சாதாரண சிபிஜி உள்ளவர்களை வைத்து வகுத்த கோடு. கார்டிசோல் மிகக் குறைவாக இருக்கும்போது சிபிஜியில் காலி இடம் நிறைய. கட்டற்ற ஒரு பங்குக்கு, சாதாரணப் பெண்ணிடம் சுமார் இருபது பங்கு சிபிஜியோடு ஒட்டியிருக்கும். சிபிஜி 1,600 உள்ளவரிடம் நாற்பத்தைந்து பங்குக்கு மேல். எனவே உங்களுடைய 3.4, மாத்திரை இல்லாத பெண்ணிடம் 1.6 ஆகத் தெரிந்திருக்கும். கோட்டுக்குக் கீழே.

கூட்டு மாத்திரை எடுக்கும் பெண்களில் இந்தச் சோதனை ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பொய்யாக நேர்மறையாக வரும் என்று அமெரிக்காவின் எண்டோக்ரைன் சொசைட்டி 2008-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதும் அதுவும் ஒன்று.

இத்தோடு நிறுத்திவிட்டால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அது நேர்மையாகாது. நான் 1,600 என்று வைத்துக்கொண்டது என் ஊகம். எல்லாக் கல்லீரலும் ஒரே அளவுக்குப் பதில் சொல்வதில்லை. மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் அளவும், அதோடு சேர்த்த இன்னொரு ஹார்மோனான புரோஜஸ்டினின் வகையும் இதை மாற்றும். உங்கள் சிபிஜி 1,200 வரைதான் ஏறியிருக்கிறது என்று வைத்து அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலை 34.2, மாத்திரை இல்லாத நிலையின் 22-க்குச் சமமாகிறது, கொஞ்சம் உயர்வு. டெக்ஸாமெத்தசோனுக்குப் பிந்தைய 3.4, மாத்திரை இல்லாத நிலையின் 2.1-க்குச் சமமாகிறது; அது 1.8-ஐத் தாண்டிவிட்டது. அதே தாள், அதே எண், ஒரு ஊகத்தில் நலம், இன்னொரு ஊகத்தில் சந்தேகம். அதனால்தான் "மாத்திரை எடுக்கிறாயா, இரண்டால் வகுத்துக்கொள்" என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. சிபிஜியையே அளந்து கணக்குப் போடலாமே என்றால், நம் ஊர் ஆய்வகங்களில் அந்தச் சோதனை எளிதில் கிடைப்பதில்லை. கட்டற்ற கார்டிசோலை நேரடியாக அளக்க, மெல்லிய சவ்வின் வழியே மணிக்கணக்கில் சமநிலைக்கு விட்டுப் பிரிக்க வேண்டும். தைராய்டுக்கு ஃப்ரீ டி4 கருவியில் சில நிமிடங்களில் வருவதுபோல இது இன்னும் வரவில்லை.

ஆக, இருக்கும் வழி இரண்டு. ஒன்று குதிரின் அளவைச் சிறிதாக்கிவிட்டு அளப்பது. மற்றொன்று குதிரின் பக்கமே போகாமல் உலையை மட்டும் பார்ப்பது.

முதல் வழி, மாத்திரையை நிறுத்தி ஆறு வாரம் கழித்து டெக்ஸாமெத்தசோன் சோதனையை மறுபடி செய்வது. ஆறு வாரம் என்பதை யாரும் குறைக்கப் பார்க்காதீர்கள். மாத்திரைப் பட்டையில் ஏழு நாள் இடைவெளி வருமே, அந்த வாரத்தின் கடைசி நாளில் ரத்தம் கொடுத்தால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். போதாது. ஏற்கெனவே ரத்தத்தில் விட்ட சிபிஜி வடிய வேண்டும், கல்லீரல் பழைய தாளத்துக்குத் திரும்ப வேண்டும். இந்த ஆறு வாரத்தில் கருத்தடைக்கு ஆணுறை போன்ற வேறு ஏற்பாடு தேவைப்படும். மாதவிடாய் மறுபடி தாறுமாறாகலாம், பருவும் எட்டிப் பார்க்கலாம். எனவே எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதிக ரத்தப்போக்கு போன்ற காரணத்துக்காக மாத்திரை எடுப்பவர் என்றால் நிறுத்துவதே கூடாமல் போகலாம். அப்போது இரண்டாவது வழி.

இரண்டாவது வழியில், இரவு பதினொன்று முதல் பன்னிரண்டுக்குள் எடுக்கும் உமிழ்நீரில் கார்டிசோல் பார்ப்பார்கள், அல்லது 24 மணி நேரச் சிறுநீரில் பார்ப்பார்கள். சிபிஜி பெரிய புரதம். உமிழ்நீர்ச் சுரப்பியையும் சிறுநீரக வடிகட்டியையும் தாண்டி அது வருவதில்லை. தாண்டி வருவது கட்டற்ற கார்டிசோல் மட்டுமே. எனவே மாத்திரை எடுத்துக்கொண்டே இவற்றைச் செய்யலாம். குஷிங்கில் முதலில் கெடுவது இரவுத் தாழ்வு. நலமான உடலில் நள்ளிரவில் கார்டிசோல் தரைமட்டத்துக்கு இறங்கியிருக்கும், குஷிங்கில் இறங்காது. ஒரே ஒரு முறை பார்த்து முடிவு கட்டுவதில்லை; இரண்டு இரவு உமிழ்நீர், இரண்டு நாள் சிறுநீர் என்று வைத்துக்கொள்வது முறை.

இவற்றுக்கும் சொந்தக் கோளாறுகள் உண்டு, பெரும்பாலும் சேகரிக்கும் விதத்தில். உமிழ்நீருக்கு முன் பல் துலக்கினால் ஈறிலிருந்து கசியும் ரத்தத்தோடு சிபிஜியும் அதன் கார்டிசோலும் சேர்ந்து வந்து எண்ணைக் கெடுக்கும். தோல் அரிப்புக்கு ஹைட்ரோகார்டிசோன் களிம்பு தடவிய கையால் உமிழ்நீரை உறிஞ்சும் பஞ்சைத் தொட்டால், அளப்பது களிம்பைத்தான். இரவுப் பணியில் இருப்பவருக்கு நள்ளிரவு என்பது பகல். அவருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கையும் உண்டு: தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரம் சுவைப்பவர்கள் சில நாள்கள் முன்பே நிறுத்த வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பியிலும் சிறுநீரகத்திலும் கார்டிசோலைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றும் நொதி ஒன்று இருக்கிறது. அதிமதுரம் அதை முடக்கிவிடும், எண் பொய்யாக ஏறும். சிறுநீர்ச் சோதனையில் நான் அதிகம் பார்க்கும் தவறு, காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரையும் கேனில் சேர்த்துவிடுவது. அதை வெளியேற்றிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருவதெல்லாம், மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை, கேனுக்குள் போக வேண்டும். கூடவே கிரியேட்டினினையும் அளந்தால் முழு நாளும் சேகரிக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.

எம்.ஆர்.ஐ. பற்றி. தயவுசெய்து இப்போது வேண்டாம் என்று உங்கள் மருத்துவரிடம் பேசிப் பாருங்கள். செலவு ஒரு காரணம்தான்; பெரிய காரணம் வேறு. எந்த நோயும் இல்லாதவர்களுக்கு பிட்யூட்டரியை எம்.ஆர்.ஐ. எடுத்தால், பத்தில் ஒருவருக்குச் சில மில்லிமீட்டர் அளவில் ஏதோ ஒரு புள்ளி தெரியும். அது எதையும் சுரக்காது, எதையும் கெடுக்காது. ஆனால் கையில் 34.2 என்ற தாளும், படத்தில் ஒரு புள்ளியும் சேர்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதுபோல ஒரு மயக்கம் பிறக்கும். அதன் பிறகு அந்தப் புள்ளியை மறக்க வைப்பது கடினம். கார்டிசோல் உண்மையில் மிகுதி என்று நிலைநாட்டிய பிறகுதான் ஏ.சி.டி.எச்.; அதற்கும் பிறகுதான் படம். இந்த வரிசை மாறக் கூடாது.

கண்ணாடி முன் நின்று நீங்களே பார்க்கக்கூடியவையும் சில உண்டு. எடை கூடுவது, மாதவிடாய் தவறுவது, முகத்தில் முடி ஆகியவை குஷிங்கிலும் வரும், சினைப்பை நீர்க்கட்டியிலும் வரும். அவை பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுபவை வேறு: லேசாக இடித்தாலே தோலில் கன்றிப்போவது, வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள், முகத்தில் நிரந்தரச் சிவப்பு (நம் நிறத்தில் இது எளிதில் தெரியாது), சம்மணமிட்டோ குத்துக்காலிட்டோ உட்கார்ந்துவிட்டுக் கையூன்றாமல் எழ முடியாத தொடைத் தளர்ச்சி. இவற்றில் ஒன்றிரண்டு உங்களிடம் இருந்தால் மருத்துவர் அவசரப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆறு வாரம் காத்திருக்காமல் உமிழ்நீரையும் சிறுநீரையும் இந்த வாரமே தொடங்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் உங்களைப் போன்றவர்களைவிட எனக்கு அதிகம் கவலை தருவது எதிர்த் திசைக்காரர்கள். அட்ரீனல் சோர்ந்துபோன பெண் ஒருவர் இதே மாத்திரையை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். காசநோய் அட்ரீனலை அரித்திருக்கலாம், அல்லது மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்து நிறுத்தியவராக இருக்கலாம். அவருடைய காலைக் கார்டிசோல் 14.5 என்று வருகிறது. அறிக்கையில் நட்சத்திரக் குறி எதுவும் இருக்காது. அளவு வரம்புக்குள் அழகாக உட்கார்ந்திருக்கும். சிபிஜி 1,600 என்று வைத்துக் கணக்கிட்டால் அவரிடம் கட்டற்றது 10 நானோமோல் மட்டுமே. மாத்திரை இல்லாத பெண்ணிடம் இது சுமார் 7 என்று காட்டியிருக்கும், யாராவது நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். அடுத்து ஏ.சி.டி.எச். ஊசி போட்டுத் தூண்டிப் பார்க்கும் சோதனையில் உச்சம் 19 வருகிறது. 18-ஐத் தாண்டினால் தேர்ச்சி என்பது பழைய, இன்னும் பல இடங்களில் வழக்கில் உள்ள கோடு. தேர்ச்சி! ஆனால் அந்த 19, மாத்திரை இல்லாத நிலையின் 9-க்குத்தான் சமம், அப்பட்டமான தோல்வி. அவர் வீட்டுக்கு அனுப்பப்படுவார், ஒரு காய்ச்சலிலோ அறுவைச் சிகிச்சையிலோ ரத்த அழுத்தம் சரிந்து விழும்வரை யாருக்கும் தெரியாது. உங்கள் பக்கத்துத் தவறு ஒரு வீண் எம்.ஆர்.ஐ.யில் முடியும், அவர் பக்கத்துத் தவறு தீவிர சிகிச்சைப் பிரிவில் முடியும். மயக்கம், வாந்தி, எடை குறைவு, உள்ளங்கை ரேகைகள் கருப்பது என்று இருக்கும் பெண் மாத்திரை எடுப்பவராக இருந்தால், "கார்டிசோல் நார்மல்" என்ற வரியை நான் நம்புவதே இல்லை.

எல்லா ஹார்மோனும் இதைச் செய்யாது. புரோஜஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையோ ஊசியோ சிபிஜியை இப்படி ஏற்றுவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு தோலில் ஒட்டும், தடவும் எஸ்ட்ராடையோல் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போய்விடுவதால் தொந்தரவு மிகக் குறைவு. அதே ஈஸ்ட்ரோஜனை விழுங்கினால் சிபிஜி ஏறும். தோல் வழி என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம்: தோலில் ஒட்டும் கருத்தடைப் பட்டையிலும் யோனி வளையத்திலும் இருப்பது அதே எத்தினைல் எஸ்ட்ராடையோல், எந்த வழியில் போனாலும் அது கல்லீரலை எழுப்பிவிடும். மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு எடுக்கும் டமாக்சிஃபென், மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனுக்கு எதிரி என்றாலும், கல்லீரலில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்து சிபிஜியை உயர்த்துகிறது.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஏன் தவறு நடக்கிறது என்றால், ரத்தம் எடுக்கும் இடத்தில் "மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா" என்று கேட்டால் பல பெண்கள் "இல்லை" என்பார்கள். மறைக்கவில்லை, மாதவிடாயை ஒழுங்குபடுத்தும் மாத்திரையை அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. பக்கத்தில் மாமியாரோ அப்பாவோ நின்றால் சொல்லவும் மாட்டார்கள். ஒருமுறை ஓர் அறிக்கையில் 41 வந்து, சந்தேகப்பட்டுத் தொலைபேசியில் கேட்டபோது, அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "அது கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே போடுவதாயிற்றே சார், அதையுமா சொல்ல வேண்டும்?" என்றார்.

எனவே அடுத்த முறை விண்ணப்பத் தாளில் மாத்திரையின் பெயரையும், நிறுத்திய தேதியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆறு வாரம் கழித்துக் காலைக் கார்டிசோல் 16 என்று வந்து, டெக்ஸாமெத்தசோனுக்குப் பிறகு 1.8-க்குக் கீழே அடங்கிவிட்டால், கார்டிசோல் குணமாகிவிட்டது என்று யாரும் எழுத விடாதீர்கள். அது முதலிலேயே ஏறியிருக்கவில்லை. அப்போதும் அடங்காமல் 3 என்றே நின்றால், மாத்திரையின் மேல் பழிபோட இடமில்லை. உமிழ்நீர், சிறுநீர் முடிவுகளோடு ஹார்மோன் நிபுணரிடம் போய்விடுங்கள். எப்படி வந்தாலும், மாத்திரை இல்லாமல் எடுத்த அந்த அறிக்கையைத் தனியாகக் குறித்துக் கோப்பில் வையுங்கள். மாத்திரையை மறுபடி தொடங்கி, இரண்டு வருடம் கழித்து வேறொரு மருத்துவர் இன்னொரு 34-ஐப் பார்த்துத் திகைக்கும்போது அது உதவும்.